தனிமைச் சிறை: 14 நாளா, 15 நாளா, 3 மாதமா? எது சட்டம், எப்போது அது கொடுமை ஆகிறது?

#1 கரிசல்காரன்

என் சித்தப்பா மகன் விசாரணைக் கைதி. எந்தச் சிறை என்று இங்கே போட விரும்பவில்லை. 40 நாளாக அவனைத் தனி செல்லில் வைத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் "நிர்வாகக் காரணம்" என்ற ஒற்றை வார்த்தைதான். தண்டனையா என்றால் "இல்லை, பாதுகாப்பு" என்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் 14 நாள், இன்னோரிடத்தில் 15 நாள், வேறோரிடத்தில் 3 மாதம் என்று இருக்கிறது. சட்டம் உண்மையில் என்னதான் சொல்கிறது? "கொடூரமான நடத்தை" என்று கோர்ட்டில் வாதாட இது போதுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நேர்வாளன்

இதில் குழம்பவே வேண்டாம் நண்பரே. 1978-இல் சுனில் பத்ரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தனிமைச் சிறையை ஒழித்துவிட்டது. இந்தியாவில் தனிமைச் சிறை என்பதே சட்ட விரோதம். ஒரு மனு போட்டால் போதும்.

#3 மணிமொழி

நேர்வாளன் சொன்னதில் பாதி சரி. அந்த மீதிப் பாதியை நம்பி மனு எழுதினால் முதல் விசாரணையிலேயே சறுக்கும்.

சுனில் பத்ரா வழக்கில் கேள்வி குறுகியது. டெல்லியில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவரைத் திகார் சிறையில் தனியாக அடைத்தார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சட்டம் 1894 சிறைச் சட்டத்தின் பிரிவு 30(2). மரண தண்டனைக் கைதியை மற்ற கைதிகளிடமிருந்து பிரித்து ஒரு செல்லில் வைக்க வேண்டும், இரவும் பகலும் காவல் போட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. அதற்கு என்ன பொருள் என்று சொன்னது. "பிரித்து வை" என்பது தப்பிக்காமல் பத்திரமாக வைப்பதற்கான ஏற்பாடு, தனிமைச் சிறைக்கான அனுமதி அல்ல என்றது. அதோடு இன்னொன்றையும் சொன்னது: மேல்முறையீடு, கருணை மனு என எல்லா வழியும் முடிந்து, இனி மாற்றவே முடியாது என்ற நிலைக்குத் தண்டனை வந்த பிறகுதான் ஒருவர் அந்தப் பிரிவின்படி "மரண தண்டனைக் கைதி". செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு வந்த அன்றே தூக்குக் கைதிகளுக்கான கன்டம் செல்லில் போட முடியாது.

ஆனால் கோர்ட்டே தீர்ப்பில் தனிமைச் சிறை விதிக்கும் அதிகாரம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 73, 74. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே சரக்கு 11, 12 என்ற எண்களில் உட்கார்ந்திருக்கிறது. சட்ட ஆணையம் 1971-இல் தன் 42-ஆவது அறிக்கையில் இது காலத்துக்கு ஒவ்வாதது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லியும் புதுச் சட்டம் எழுதியவர்கள் எடுக்கவில்லை. எனக்கு இது இன்றும் எரிச்சல்.

#4 மணிமொழி

கரிசல்காரன், உங்கள் மூன்று எண்ணும் மூன்று வேறு வாசலில் இருந்து வருபவை. அதனால்தான் குழப்பம்.

முதல் வாசல், கோர்ட் தீர்ப்பு. கடுங்காவல் தண்டனை உள்ள குற்றத்துக்கு மட்டும். தண்டனை 6 மாதம் வரை என்றால் தனிமை அதிகபட்சம் 1 மாதம். 6 மாதத்துக்கு மேல் 1 வருடம் வரை என்றால் 2 மாதம். 1 வருடத்தைத் தாண்டினால் 3 மாதம். உங்கள் 3 மாதம் இங்கிருந்து வருகிறது. ஆனால் அதைத் தொடர்ச்சியாக அனுபவிக்க வைக்க முடியாது. ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் கூடாது, அடுத்த முறைக்கு முன் குறைந்தது அதே அளவு இடைவெளி வேண்டும். தண்டனைக் காலம் 3 மாதத்துக்கு மேல் என்றால் இன்னும் இறுக்கம்: எந்த ஒரு மாதத்திலும் 7 நாளுக்கு மேல் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 2 வருடம் கடுங்காவல், அதில் 3 மாதம் தனிமை என்று தீர்ப்பு. 3 மாதத்தை 90 நாள் என்று வையுங்கள். மாதம் 7 நாள்தான் என்பதால் 12 மாதத்தில் 84 நாள், 13-ஆவது மாதத்தில் மீதி 6. அதாவது "3 மாதம் தனிமை" என்பது ஒரு வருடத்துக்கு மேல் துண்டு துண்டாகப் பரவும். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது தொடர்ந்து 90 நாள் அடைத்தால் அந்தத் தீர்ப்பையே மீறுகிறார்கள்.

இரண்டாம் வாசல், சிறைக்குள் செய்த தவறுக்கு சூப்பிரண்டு கொடுக்கும் தண்டனை. 1894 சிறைச் சட்டத்தின் பிரிவு 46. இதில் இரண்டு வகை. ஒன்றில் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் மற்றவர்களைக் கண்ணால் பார்க்கலாம், தினம் குறைந்தது ஒரு மணி நேரம் உடற்பயிற்சி உண்டு, சாப்பாடு ஒருவரோடாவது சேர்ந்து சாப்பிட வேண்டும். இது 3 மாதம் வரை போகலாம், ஒரு மாதத்தைத் தாண்டினால் சிறைத்துறைத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும். மற்றது இன்னும் கடுமையானது. மற்றவர்களைப் பார்க்க மட்டும் முடியும், மற்ற சலுகை எதுவும் சட்டத்தில் எழுதப்படவில்லை. இதற்கு உச்சவரம்பு 14 நாள், மறுபடி கொடுக்க அதே அளவு இடைவெளி. இரண்டையும் சூப்பிரண்டு மட்டுமே கொடுக்கலாம். ஜெயிலரோ தலைமை வார்டரோ கொடுத்தால் அது தண்டனையே அல்ல, அத்துமீறல்.

மூன்றாம் வாசல்தான் உங்கள் சிக்கல். எந்தப் பிரிவும் சொல்லாமல் "பாதுகாப்பு", "நிர்வாகம்", "உயர் பாதுகாப்புத் தொகுதி" என்ற பெயரில் அடைப்பது. இதற்கு நாள் கணக்கே கிடையாது. அதனால்தான் 40 ஆகியிருக்கிறது.

15 நாள் என்பது இந்தியச் சட்டம் இல்லை, ஐ.நா. நெல்சன் மண்டேலா விதிகள், 2015. நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் வைப்பதே தனிமை, தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அது நீடித்த தனிமை, அது அடியோடு கூடாது என்கின்றன.

ஒரு எச்சரிக்கை: சில மாநிலங்கள் 1894 சட்டத்துக்குப் பதிலாகத் தங்கள் சொந்தச் சிறைச் சட்டத்தை வைத்திருக்கின்றன. உங்கள் மாநிலத்தில் எது நடப்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எண்கள் மாறலாம்.

#5 தென்றல்89

கொரோனா சமயத்தில் நாங்கள் எல்லோரும் 14 நாள் தனி அறையில் இருந்தோமே, யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லையே. போன் பார்த்தோம், தூங்கினோம், வாசலில் சாப்பாடு வந்தது. இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று புரியவில்லை.

#6 வெண்பஞ்சு

தென்றல், நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். போன் இருந்தது. எத்தனை நாள் என்று தெரியும். கதவை உள்ளிருந்து திறக்க முடியும். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் இங்கே பேசும் விஷயம்.

மனநலப் பிரிவில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இதில் முதலில் கெடுவது தூக்கமும் நேர உணர்வும். பகலில் தூங்கி இரவில் விழிப்பார்கள். கேட்ட கேள்விக்கு விடை வரத் தாமதமாகும். அடுத்து சத்தம் தாங்காது: பூட்டு விழும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போடும். பிறகு யாரோ தன் பெயரைச் சொல்லி முணுமுணுப்பதாகத் தோன்றும். ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு, அதைத்தான் வீட்டார் தவறவிடுகிறார்கள். ஆள் அமைதியாகிவிடுவார். வீட்டார் வந்து பார்க்கும் மனுவுக்கு வரவே மறுப்பார். "பழகிவிட்டான்" என்று சொல்வார்கள். அது பழக்கம் இல்லை. மனிதர்களோடு இருப்பதே அவருக்குப் பாரமாகத் தொடங்கிவிட்டது. வெளியே விட்ட பிறகும் இந்த ஒதுங்கல் நீடிக்கும்.

எல்லோருக்கும் எல்லாமும் வரும் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே மனநோய் இருந்தவருக்கு வேகமாக வரும். அதனால்தான் மனநலக் குறைபாடோ உடல் குறைபாடோ உள்ளவரின் நிலை தனிமையால் மோசமாகுமானால் அவரை அப்படி அடைக்கவே கூடாது என்கிறது மண்டேலா விதி 45.

கரிசல்காரன், உங்கள் தம்பிக்கு முன்பு மருந்து ஏதும் இருந்ததா? இருந்தால் அந்தச் சீட்டு மிக முக்கியம்.

#7 பழைய பாரா

இங்கே எல்லோரும் கைதி பக்கமே பேசுகிறீர்கள். நான் 26 வருடம் உள்ளே பாரா நின்றவன். ஒருத்தனை எல்லோரோடும் விட்டால் அவனையே குத்திவிடுவார்கள் என்று தகவல் வந்தால் என்ன செய்வீர்கள்? தனி செல்தான் ஒரே வழி. சட்டமும் இருக்கிறது. சிறைச் சட்டம் பிரிவு 28: கைதிகளைச் சேர்த்தும் வைக்கலாம், தனித்தனி செல்லிலும் வைக்கலாம், பாதி பாதியாகவும் வைக்கலாம். அதிகாரி விருப்பம். மண்டேலா விதி ஐ.நா. பேப்பர், அது சூப்பிரண்டைக் கட்டாது.

#8 மணிமொழி

ஐயா, பிரிவு 28-ஐ எடுத்து வைத்ததற்கு நன்றி. அரசுத் தரப்பு வக்கீலும் அதைத்தான் எடுப்பார். ஆனால் அந்தப் பிரிவு யாரைப் பற்றிச் சொல்கிறது என்று படியுங்கள்: தண்டனை பெற்ற குற்றவியல் கைதிகள். கரிசல்காரனின் தம்பி விசாரணைக் கைதி. அவருக்கு 28 பொருந்தவே பொருந்தாது.

தண்டனைக் கைதிக்கே கூட, தனி அறையில் படுக்க வைப்பதும் 22 மணி நேரம் மனித முகமே இல்லாமல் வைப்பதும் ஒன்றா என்பது வாதத்துக்குரியது. என் கருத்தில் 28 கட்டட அமைப்பைப் பற்றியது. இதை ஒரே வரியில் முடித்துவைத்த தீர்ப்பு என்று எதையும் காட்ட மாட்டேன்.

ஆபத்து உண்மையாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆபத்தான மூன்று பேரிடமிருந்து ஒருவரைப் பிரிப்பது வேறு, எல்லா மனிதரிடமிருந்தும் பிரிப்பது வேறு. அவரோடு பகையில்லாத இருவரைச் சேர்த்து நடக்க விடலாம். வேறு தொகுதிக்கு மாற்றலாம். குடும்பத்தார் வந்து பார்க்கும் மனுவை நிறுத்தாமல் இருக்கலாம். காப்பாற்றுவதற்காக அடைத்தோம் என்றால் தாக்கப்படக் கூடியவர் ஏன் புத்தகமும் பேச்சும் இழக்க வேண்டும்?

மண்டேலா விதி நேரடியாகக் கட்டாது என்பது சரி. ஆனால் நம் அரசியலமைப்பில் "கொடூரத் தண்டனை கூடாது" என்ற வாசகமே இல்லை. பத்ரா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஒப்புக்கொண்டுவிட்டே, வங்கி தேசியமயமாக்கல் வழக்குக்கும் மேனகா காந்தி வழக்குக்கும் பிறகு உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான அரசியலமைப்புப் பிரிவு 21-இன் வழியாக அதே முடிவுக்குத்தான் வருகிறோம் என்றார். சட்டம் இல்லாமல் அடைத்தால் 21 மீறல், நியாயமற்ற முறையில் அடைத்தாலும் 21 மீறல். இது கொடூரமானது என்று காட்ட மண்டேலா விதி நல்ல அளவுகோல், அவ்வளவே.

#9 பழைய பாரா

விசாரணைக் கைதி என்று கவனிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று பேரை மட்டும் பிரிக்கலாம் என்று வெளியே இருந்து சொல்வது சுலபம். ஆள் பற்றாக்குறை உள்ள ஷிப்டில் ஒரு வார்டர் எத்தனை செல்லைத் திறந்து மூடுவார்? அதற்கு விடை எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

#10 கரிசல்காரன்

வெண்பஞ்சு மேடம், மருந்து எதுவும் இல்லை. ஆனால் போன வாரம் மனுவுக்குப் போனபோது அவன் என் முகத்தையே பார்க்கவில்லை.

மணிமொழி, 22 மணி நேரம் என்கிறீர்களே, அதை எப்படி எண்ணுவது? அவனிடம் கேட்டு எழுதியது: காலை 6:30-க்குத் திறப்பார்கள், குளிக்க 7:15 வரை. மாலை 4 முதல் 5 வரை உள் முற்றத்தில் தனியாக நடை. மற்ற நேரம் பூட்டு. சாப்பாடு கீழ்த் திறப்பு வழியாக வரும். எதிர் செல்காரரைக் கம்பி வழியே தெரியும், பேசினால் வார்டர் அதட்டுவார். வாரம் ஒரு மனு, 20 நிமிடம், நடுவில் கண்ணாடி.

அவர்கள் சொல்வது, "தினம் ஒன்றே முக்கால் மணி நேரம் வெளியே விடுகிறோம், இது தனிமை இல்லை."

#11 மணிமொழி

எழுதி வைத்தது மிகச் சரி. இப்போது எண்ணலாம்.

காலை 45 நிமிடமும் மாலை 60 நிமிடமும் சேர்ந்து 1 மணி 45 நிமிடம். 24-இல் கழித்தால் 22 மணி 15 நிமிடம் பூட்டு. அவர்கள் கணக்கையே எடுத்தாலும் 22-ஐத் தாண்டுகிறது.

ஆனால் விதி 44 பூட்டிய நேரத்தை மட்டும் எண்ணவில்லை. அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாத நேரத்தை எண்ணுகிறது. யாருமில்லாத முற்றத்தில் ஒருவர் சுற்றி வந்தால் அது காற்று வாங்கல், தொடர்பு இல்லை. கீழ்த் திறப்பில் தட்டு தள்ளும் கையும் தொடர்பு இல்லை. இதற்கு வரையறை தேடி 2016-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நிபுணர்கள் கூடினார்கள். நேருக்கு நேர், நடுவில் தடுப்பில்லாமல், ஓடிப்போகும் சில நொடிகளுக்கு மேல், மனமொத்துப் பேசும் வாய்ப்போடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அப்படிப் பார்த்தால் உங்கள் தம்பிக்கு ஒரு நாளைக்கு அந்தத் தொடர்பு பூஜ்யம். கண்ணாடி மனுவைத் தாராளமாகச் சேர்த்தாலும் வாரத்துக்கு 20 நிமிடம்.

எனவே மனுவில் "தனிமைச் சிறை" என்ற வார்த்தையை முதல் வரியில் வைத்துச் சண்டை போடாதீர்கள். பெயரைப் பற்றிச் சண்டை போட்டால் அவர்கள் "அப்படி ஒன்று எங்களிடம் இல்லை" என்பார்கள், கேஸ் அங்கேயே நிற்கும். மேலே எழுதிய நேர அட்டவணையை அப்படியே பத்தி 3-இல் வையுங்கள். பெயரை நீதிபதி வைக்கட்டும்.

#12 நேர்வாளன்

சரி, ஒழித்துவிட்டது என்று நான் எழுதியது தப்பு. ஆனால் உமேஷ் வழக்கில் தனிமைச் சிறைக்காக மட்டுமே தூக்கையே ரத்து செய்தார்களே. 40 நாளுக்கும் அதே நிவாரணம் கேட்கலாம்தானே? விடுதலை கேளுங்கள்.

#13 மணிமொழி

ஐயோ, அந்த வழக்கை இப்படி நீட்டாதீர்கள்.

உமேஷ் வழக்கில் 2006-இல் செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தது. கர்நாடகத்தில் பெலகாவி சிறையில் அப்போதிருந்தே தனி செல். கருணை மனு நிராகரிக்கப்பட்டது 2013-இல். தனிமை நீடித்தது 2016 வரை. பத்து வருடம். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பார்த்தது இதைத்தான்: கருணை மனு முடியும் வரை அவர் பிரிவு 30(2) சொல்லும் கைதியே இல்லை, எனவே அந்த ஏழு வருடத் தனிமைக்குச் சட்ட அடித்தளமே கிடையாது. அந்த தனிமை அவருடைய உடல், மன நலத்தைப் பாதித்திருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துத் தூக்கை ஆயுளாக மாற்றி, குறைந்தது 30 வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்றது. விடுதலை இல்லை.

தூக்கு என்ற தண்டனை இருந்ததால் குறைக்க ஏதோ இருந்தது. விசாரணைக் கைதிக்கு இன்னும் தண்டனையே இல்லை. அவர் கேட்கக் கூடியது: தனிமையிலிருந்து உடனே எடுக்க உத்தரவு, இதுவரை எந்த ஆணையின்படி அடைத்தார்கள் என்று காட்ட உத்தரவு, மருத்துவப் பரிசோதனை, இழப்பீடு. ஜாமீன் மனுவில் இதைத் துணைக் காரணமாகச் சொல்லலாம்.

இன்னொன்று. 40 நாள் என்று தயங்க வேண்டாம். கிஷோர் சிங் வழக்கு, ராஜஸ்தான், 1980 வாக்கில். 8 முதல் 11 மாதம் தனிமை. சிறை சொன்ன காரணங்கள்: சுற்றித் திரிந்தார், மரியாதையில்லாமல் நடந்தார், ஹிஸ்டரி டிக்கெட் என்ற தன் சிறைப் பதிவு அட்டையைக் கிழித்தார். இந்த அற்பக் காரணங்களுக்கு இவ்வளவு கொடுமையா என்று நீதிமன்றம் கடிந்தது. உங்கள் வழக்கில் அந்த அற்பக் காரணம் கூட எழுதப்படவில்லை.

#14 யாழ்ப்பறவை

இதில் நேர்மாறான தீர்ப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். பிரான்சில் கார்லோஸ் என்று அறியப்பட்ட பயங்கரவாதக் குற்றவாளி எட்டு வருடத்துக்கு மேல் தனியாக இருந்தார். 2006-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அது மனிதத்தன்மையற்ற நடத்தை இல்லை என்றது. தினம் இரண்டு மணி நேரம் வெளியே நடை, பத்திரிகை, தொலைக்காட்சி, ஏராளமான வக்கீல் சந்திப்பு, மருத்துவர் வருகை. இது முழுத் தனிமை இல்லை, ஓரளவுத் தனிமைதான் என்று எடுத்தார்கள். ஆனால் அவர் இந்த உத்தரவை எதிர்த்து முறையிட வழியே இல்லாமல் இருந்ததே, அது மீறல் என்றார்கள்.

எனவே நாள் எண்ணிக்கை மட்டும் எங்கும் வெற்றி தருவதில்லை. சூழ்நிலை, காரணம், மறுஆய்வு மூன்றும் சேர்ந்தே பார்க்கப்படும். நியூயார்க் மாநிலமோ 2021-இல் இயற்றிய சட்டத்தில் தொடர்ச்சியாக 15 நாள், 60 நாளில் மொத்தம் 20 நாள் என்று எண்ணிலேயே கட்டிவிட்டது. எண்ணில் கட்டினால்தான் தப்பிக்க முடியாது என்பது என் கருத்து. மணிமொழி ஒத்துக்கொள்ள மாட்டார்.

#15 மணிமொழி

பாதி ஒத்துக்கொள்கிறேன். எண் வைத்தால் 15-ஆம் நாள் மாலை வெளியே எடுத்து, ஒரு நாள் விட்டு, மறுபடி போடுவார்கள். அதைத் தடுக்கத்தான் 60-இல் 20 என்று கூட எழுத வேண்டியிருக்கிறது. நம் சட்டத்தில் அந்த வேலையை "அதே அளவு இடைவெளி" செய்கிறது. ஆனால் அது மூன்றாம் வாசலுக்குப் பொருந்தாது என்பதே இந்த இழையின் முழுத் தொல்லையும்.

#16 வெண்பஞ்சு

மருத்துவர் பங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1894 சட்டம் பிரிவு 29 இரண்டு விஷயம் கேட்கிறது. தனிமைக்குப் பயன்படும் செல்லில் எந்த நேரமும் அதிகாரியைக் கூப்பிட ஏதாவது வசதி இருக்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டி அடைபட்டவரை, தண்டனையாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், மருத்துவ அலுவலரோ அவருக்குக் கீழுள்ளவரோ தினம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். "வேறு எதுவாக இருந்தாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "இது தண்டனை இல்லை, பாதுகாப்பு" என்று சொல்பவருக்கும் இது பொருந்தும்.

நடப்பது என்ன? வராண்டாவில் நடந்துகொண்டே "என்னப்பா, நல்லா இருக்கியா" என்று கேட்டுப் போவார்கள். வார்டர் பக்கத்தில் நிற்பார். கைதி "இருக்கேன் சார்" என்பார். பதிவேட்டில் "நலம்" என்று ஏறும். பார்ப்பது என்றால் கதவு திறந்து, தனியாக, தூக்கம், பசி, எடை, கையில் கீறல் உண்டா என்று பார்ப்பது. தம்பியின் எடை உள்ளே போனபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். எடை வாதாடாது, ஆனால் பொய்யும் சொல்லாது.

இன்னொன்று: தனிமையைத் தாங்கத் தகுதி என்று சான்றிதழ் தரும் வேலையை மருத்துவர் செய்யவே கூடாது. மண்டேலா விதி 46, ஒழுங்குத் தண்டனையாக ஒருவரைத் தனிமையில் போடுவதில் மருத்துவப் பணியாளருக்குப் பங்கே கூடாது என்கிறது. பாதிப்பு தெரிந்தால் நிறுத்தச் சொல்ல மட்டும் பங்கு உண்டு.

#17 கரிசல்காரன்

சரி, இனி நான் கையால் செய்ய வேண்டியது என்ன? வக்கீல் இலவச சட்ட உதவியில் வந்தவர், நல்லவர்தான், ஆனால் அவருக்கு நேரமே இல்லை.

#18 மணிமொழி

முதலில் சூப்பிரண்டுக்கு ஒரு கடிதம், நகல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. அதில் குற்றம் சாட்டாதீர்கள். நான்கு கேள்வியும் ஒரு கோரிக்கையும் மட்டும்: எந்தத் தேதியில், எந்தப் பிரிவின்படி, யார் உத்தரவிட்டது, எப்போது மறுஆய்வு, அந்த உத்தரவின் நகல். பதில் வராவிட்டால் அந்த மௌனமே உங்கள் ஆதாரம்.

அடுத்து செஷன்ஸ் நீதிபதி. சுனில் பத்ராவின் இரண்டாம் வழக்கை, 1979 டிசம்பர் தீர்ப்பை, வக்கீலிடம் காட்டுங்கள். தனி செல்லோ தண்டனை செல்லோ, சலுகைப் பறிப்போ, செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் கூடாது என்றும், அவசரம் என்றால் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் கணக்கில் 40 நாள் ஆகிவிட்டது. நீதிபதிக்குத் தகவல் போனதா என்ற ஒரே கேள்வியை மனுவின் நடுவில் வையுங்கள்.

மனுவில் ஆவணம் வரவழைக்கக் கேளுங்கள்: ஹிஸ்டரி டிக்கெட், தண்டனைப் புத்தகம், லாக்கப் திறப்புப் பதிவேடு, மருத்துவ அலுவலரின் தினக் குறிப்பு. பிரிவு 51-இன்படி தண்டனைப் புத்தகத்தில் கைதி பெயர், செய்த தவறு, தேதி, கொடுத்த தண்டனை எல்லாம் ஏற வேண்டும். அதில் பெயர் இல்லையென்றால் "தண்டனை இல்லை" என்று அவர்கள் சொன்னது உண்மை. அப்போது 46-ஐ அவர்கள் அடைக்கலமாகப் பிடிக்க முடியாது. பெயர் இருந்தால், கடுமையான வகைக்கு 14 நாள் எப்போதோ தாண்டிவிட்டது, மற்ற வகைக்கும் ஒரு மாதம் தாண்டியதால் சிறைத்துறைத் தலைவரின் ஒப்புதலைக் காட்ட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுக்கு ஒரு கதவு மூடும்.

#19 பழைய பாரா

நான் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். பதிவேடு வந்ததும் கையெழுத்தைப் பாருங்கள். ஒரு ஷிப்ட் ஆள் தினம் தினம் எழுதினால் மை மாறும், நேரம் 4:05, 4:20 என்று தடுமாறும். 40 நாளும் "மாலை 4 முதல் 5 வரை நடை" என்று ஒரே கையில் ஒரே மையில் இருந்தால் அது ஒரே மாலையில் உட்கார்ந்து எழுதியது.

#20 வெண்பஞ்சு

பாரா ஐயா, இதற்காகவே உங்களை மன்னிக்கலாம்.

#21 கரிசல்காரன்

மனு தாக்கலாகி, வக்கீல் நேற்று பதிவேட்டின் நகலைக் காட்டினார். ஐயா சொன்னபடிதான். ஒரே கை.

அதோடு ஒன்று. இந்த 40 நாளில் அவனை மூன்று முறை வாய்தாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது இரவு 7-க்கு மேல். எஸ்கார்ட் பதிவில் நேரம் இருக்கிறது. அந்த மூன்று தேதியிலும் லாக்கப் பதிவேட்டில் மாலை 4 முதல் 5 வரை முற்றத்தில் நடந்ததாக எழுதியிருக்கிறது.

#22 மணிமொழி

அந்த மூன்று தேதியையும் தனித் தாளில் எழுதி, இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். மற்றதை விசாரணை நாள் பார்ப்போம்.